லோராசெபாம்: விழுங்கினால், நாக்கடியில் வைத்தால், திரவமாகக் குடித்தால்

பதற்றம், தூக்கமின்மை, வலிப்பு, அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பயம் ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் லோராசெபாம் ஒன்று. டயசெபாம், அல்பிரசோலாம் போன்றவை அடங்கிய பென்சோடயசெபைன் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1977-இல் ‘அடிவான்’ என்ற பெயரில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. மூளையில் நரம்புகளின் துடிப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இது வலுப்படுத்துகிறது. விழுங்கும் மாத்திரை, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, சொட்டுக்குழாயால் அளந்து கொடுக்கும் திரவம், ஊசி உள்ளிட்ட வடிவங்களில் இது உலகில் கிடைக்கிறது. எல்லா நாடுகளிலும் எல்லா வடிவங்களும் இல்லை. நாக்கடி மாத்திரை கனடாவில் உண்டு. அமெரிக்காவில் அதற்குத் தனி அனுமதி கிடையாது. அங்கே ‘இன்டென்சால்’ என்ற பெயரில் அடர்த்தியான திரவம் கிடைக்கிறது.

நான்கிலும் உள்ள மருந்து ஒன்றுதான். வாயில் கொடுக்கும் வடிவங்களில், விழுங்குவது மெதுவானது, நாக்கடியில் வைப்பது மிக வேகமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. லோராசெபாமைப் பொறுத்தவரை இது ஓரளவுக்கு மட்டுமே சரி.

விழுங்கிய மாத்திரையின் பயணம்

விழுங்கிய மாத்திரை முதலில் இரைப்பையில் உடைந்து தூளாக வேண்டும். அந்தத் தூள் நீரில் கரைய வேண்டும். பிறகு இரைப்பை அதைச் சிறுகுடலுக்குத் தள்ள வேண்டும். மருந்து பெருமளவு இரத்தத்தில் சேர்வது சிறுகுடலில்தான். அங்கிருந்து கல்லீரல் வழியாகப் பொது இரத்த ஓட்டத்தில் கலந்து, கடைசியில் மூளைக்குள் நுழைய வேண்டும்.

இதனால் விழுங்கிய லோராசெபாமின் அளவு இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகிறது. அமைதி தெரியத் தொடங்குவது அதற்கு முன்பே, பலருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரைப்பை காலியாக நேரம் பிடிப்பதால் தொடக்கமும் தள்ளிப்போகலாம்.

தாமதம் இருந்தாலும் இழப்பு குறைவு. விழுங்கிய மருந்தில் சுமார் 90 சதவீதம் இரத்தத்தை அடைந்துவிடுகிறது. நாக்கடி வழி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதைப் புரிந்துகொள்ள இந்த எண் முக்கியமானது.

திரவம் எதை மிச்சப்படுத்துகிறது?

திரவ வடிவில் மாத்திரை உடைவது, கரைவது என்ற முதல் இரண்டு படிகளும் இல்லை. மருந்து ஏற்கெனவே கரைந்த நிலையில் இருக்கிறது. ஆனால் மூன்றாவது படியான இரைப்பை காலியாவதைத் திரவமும் தாண்ட முடியாது. குடித்த திரவமும் சிறுகுடலுக்குப் போய்த்தான் இரத்தத்தில் சேர வேண்டும். எனவே தொடக்கத்தில் சில நிமிடங்கள் மிச்சமாகலாம். மணிக்கணக்கில் வேறுபாடு வராது.

திரவத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மாத்திரையை விழுங்க முடியாத முதியவர்களுக்கும், வாழ்வின் இறுதிக்கட்டத்தில் ஆதரவுச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இதை எளிதாகக் கொடுக்கலாம். தண்ணீர், பழச்சாறு, மசித்த பழம் போன்றவற்றில் கலந்து, கலந்தவுடன் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும். புட்டியைக் குளிர்பெட்டியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

திரவத்தில் நேரும் தவறு பெரும்பாலும் அளவில்தான். இன்டென்சாலில் ஒரு மி.லி. திரவத்தில் 2 மி.கி. மருந்து இருக்கிறது. மருத்துவர் ‘1 மி.கி.’ என்று எழுதியிருக்க, வீட்டில் ‘1 மி.லி.’ என்று எடுத்தால் இரட்டை மடங்கு மருந்து உள்ளே போகும். 1 மி.கி.க்கு அரை மி.லி.யும், அரை மி.கி.க்குக் கால் மி.லி.யும் போதும். இவ்வளவு சிறிய அளவைச் சமையலறைக் கரண்டியால் அளக்க முடியாது. புட்டியோடு வரும் அளவுக்கோடிட்ட சொட்டுக்குழாயைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நாக்குக்கு அடியில் நடப்பது

நாக்கின் அடியில் தோல் மெல்லியது. அதன் கீழே இரத்த நாளங்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே உறிஞ்சப்படும் மருந்து இரைப்பையையும் கல்லீரலையும் சுற்றிப் போகாமல் நேராகப் பொது இரத்த ஓட்டத்தில் சேர்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினுக்கு இது பெரிய லாபம். ஏனெனில் அதை விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியை அழித்துவிடும். லோராசெபாமைக் கல்லீரல் முதல் சுற்றில் அப்படி அழிப்பதில்லை. விழுங்கினாலே 90 சதவீதம் கிடைப்பதால், நாக்கடி வழியில் மருந்தின் பலன் கூட இடமில்லை. கிடைக்கக்கூடியது வேகம் மட்டுமே.

அந்த வேகத்துக்கும் ஒரு தடை உண்டு. லோராசெபாம் நீரில் எளிதில் கரையாது. ஒரு மி.லி. நீரில் சுமார் 0.08 மி.கி.தான் கரையும். அந்தக் கணக்கில் 1 மி.கி. மாத்திரை முழுவதும் கரைய 12 மி.லி.க்கு மேல் நீர் வேண்டும். நாக்கடியில் ஒரு சமயத்தில் தேங்கும் உமிழ்நீரோ ஒன்றிரண்டு மி.லி.யைத் தாண்டாது. அதாவது ஒரு நேரத்தில் கரைந்து உறிஞ்சப்படத் தயாராக இருப்பது மருந்தின் சிறு பகுதிதான். அது உறிஞ்சப்பட்ட பிறகே அடுத்த பகுதி கரையும். இதற்கிடையே உமிழ்நீர் ஊற ஊற மனிதர் தன்னையறியாமல் விழுங்கிக்கொண்டே இருப்பார். கரையாத தூளும் அதோடு வயிற்றுக்குப் போய்விடும். நாக்கடியில் வைத்ததாக நினைக்கும் மருந்தில் ஒரு பங்கு, உண்மையில் விழுங்கிய மருந்தாகவே வேலை செய்கிறது.

நாக்கடிக்கென்றே தயாரிக்கும் மாத்திரை சில நொடிகளில் குலைந்துவிடும். அதை வைத்த பிறகு குறைந்தது 2 நிமிடம் விழுங்காமல் இருக்க வேண்டும் என்பது கனடாவில் தரப்படும் அறிவுரை. மாத்திரை குலைவது வேறு, மருந்து கரைவது வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாய் வறண்டவர்களுக்குக் குலைவதே தாமதமாகும். சிறிது நேரம் கழித்தும் நாக்கடியில் மாவுபோல நெருடினால் மருந்து இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று பொருள்.

சோதனைகள் காட்டியது

1982-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 2 மி.கி. லோராசெபாம் வெவ்வேறு வழிகளில் தரப்பட்டது. தசையில் போட்ட ஊசியில் இரத்த அளவு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் உச்சத்தைத் தொட்டது. விழுங்கிய மாத்திரைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாக்கடியில் வைத்தபோதும் ஏறக்குறைய அதே 2 மணி நேரத்துக்கு மேல்தான் ஆனது. சாதாரண மாத்திரையை வைத்தாலும் நாக்கடிக்கெனச் செய்ததை வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. நாக்கடி மாத்திரையின் உச்சம் சுமார் ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லும் தயாரிப்பு விவரங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆதாயம் சிலருக்குச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கலாம். சிலருக்கு எதுவுமே இல்லாமல் போகலாம்.

நிமிடங்கள் உயிரைத் தீர்மானிக்கும் வலிப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. காங்கோ, ருவாண்டா நாடுகளில் வலிப்போடு வந்த குழந்தைகளிடம், நாக்கடியில் வைத்த லோராசெபாமும் ஆசனவாய் வழியாகச் செலுத்திய டயசெபாமும் ஒப்பிடப்பட்டன. 2014-இல் வெளியான முடிவின்படி, 10 நிமிடத்துக்குள் வலிப்பு நின்றது டயசெபாம் பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்கு. லோராசெபாம் பெற்றவர்களில் 56 சதவீதத்தினருக்கு. இதே லோராசெபாமை மருத்துவமனையில் நரம்பு வழி ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும். நிற்காத வலிப்புக்கு முதல் வரிசை மருந்துகளில் அது ஒன்று. வலிப்பு வந்து பல் கிட்டிக் கிடப்பவரின் வாயில் மாத்திரையைத் திணிப்பது பலனற்றது. மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது மாத்திரையின் ஆபத்து

வழியையும் வேகத்தையும் தவறாகக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைச் சூழலில் பார்க்கலாம். மூடிய இடம் என்றால் பயப்படும் ஒருவருக்குக் காலை 11 மணிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மருத்துவர் 1 மி.கி. மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அவர் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு 10.15-க்கு அதை விழுங்குகிறார். 10.45 வரை எதுவும் தெரியவில்லை. நாக்கடியில் வைத்தால் உடனே பிடிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி இன்னொன்றை நாக்கடியில் வைக்கிறார். ஸ்கேன் நடக்கும்போது ஓரளவு அமைதி வருகிறது. ஆனால் இரண்டு மாத்திரைகளின் உச்சமும் சேர்ந்து வருவது பகல் 12.30 முதல் 1 மணி அளவில், அதாவது அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் நேரத்தில்.

லோராசெபாமின் அளவு உடலில் பாதியாகக் குறையச் சுமார் 12 மணி நேரம் ஆகும். எந்த வழியில் எடுத்தாலும் இது மாறாது. வழி மாற்றுவது ஏறும் வேகத்தை மட்டுமே. ஆகவே இவரது உடலில் இரவு படுக்கப்போகும்போதும் பாதியளவு மருந்து இருக்கும். அளவுக்கு மிஞ்சியதற்கான அடையாளங்கள்: தள்ளாட்டம், குழறும் பேச்சு, நடந்தது நினைவில் நிற்காமை, எழுப்பினாலும் எழாத தூக்கம். மதுவோ, மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநிவாரணிகளோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். எழுப்ப முடியாத நிலையும் மெதுவான மூச்சும் தெரிந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இவருக்குத் தேவைப்பட்டது வேறு வழி அல்ல, முன்கூட்டிய நேரம். ஸ்கேன், பல் சிகிச்சை போன்ற நேரம் தெரிந்த பயங்களுக்கு, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எந்த வடிவில் எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் மாத்திரை தாமதித்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்கலாம். அவர் சொல்லாமல் இரண்டாவது மாத்திரையை எடுக்கக் கூடாது. மருந்து எடுத்த நாளில் வண்டி ஓட்டவும் கூடாது. நாள்தோறும் எடுத்து வருபவர்களும் தாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. அப்படி நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.