'வந்தேன் இல்லை' என்போமா? அப்புறம் எதற்கு 'டிட் நாட் கேம்'?

எம்.கே.பி. நகர் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றால், "பஸ் வரல", "இது எண்ணூர் போகாது", "அவர் சில்லறை தர மாட்டார்" என்று விதவிதமாய் மறுப்பு கேட்கும். தமிழில் யாரும் தடுமாறுவதில்லை. இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் 'ஐ டிட் நாட் கேம் எஸ்டர்டே' என்று வாய் தவறுகிறது.

'நேற்று' என்றதும் 'கேம்' தானாக வந்துவிடுகிறது. ஆனால், 'நான் வரவில்லை' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வர + இல்லை. 'வந்தேன் இல்லை' என்று நாம் பேசுவதில்லை. மறுப்பு வந்ததும் 'வந்தேன்' தன் காலத்தையும் விகுதியையும் கழற்றி வைத்துவிட்டு 'வர' என்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் 'கேம்' அப்படித்தான் 'கம்' ஆகிறது. காலத்தை 'டிட்' சுமக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. நம் 'இல்லை' காலம் காட்டாது. 'நேற்று நடத்திய பாடம் புரியவில்லை' என்றால் 'டிட் நாட்'. பாடம் நடக்கும்போதே கையைத் தூக்கி 'புரியவில்லை' என்றால் 'டோன்ட்'. எந்த நேரத்துப் பேச்சு என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

'மாட்டார்' இன்னும் பொல்லாதது. 'அப்பா இன்று மீன் சாப்பிட மாட்டார்' என்றால் 'வோன்ட் ஈட்'. மீனே தொடாதவர் என்றால் 'டஸ் நாட் ஈட்'. பலரும் இரண்டுக்கும் 'வோன்ட்' போட்டுவிடுகிறார்கள்.

அந்த எண்ணூர் பஸ்ஸுக்கும் 'டஸ் நாட் கோ'தான். 'கோஸ்' வேண்டாம், அந்த 'ஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸில் ஏறிவிட்டது.