முட்டையினுள் கல்சியச் செய்தி

மன்னார்க் கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.4 கிராம் கல்சியம் உண்டு. அங்குள்ள முருகைப் பாறைகளில் வாழும் கடல் முள்ளெலிகள் முட்டைகளை அந்நீரிலேயே விடுகின்றன. ஆயின் முட்டையின் குழியவுருவில் கட்டற்ற கல்சியம் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு குறைவு. விந்து இணைந்ததும் அது சடுதியாக உயர்கிறது.

இவ்வுயர்வு கடல்நீரிலிருந்து வருவதா? 1974இல் ஸ்டைன்ஹார்ட், ஏபல் ஆகியோர் கடல் முள்ளெலி முட்டைகளைக் கல்சியமற்ற நீரிலிட்டு, மென்சவ்வினூடாகக் கல்சியத்தைக் கடத்தும் சேர்வையொன்றைச் சேர்த்தனர். விந்தின்றியே முட்டைகள் தூண்டலுற்றன. எனவே சேமிப்பு முட்டையினுள்ளேயே உளது.

அச்சேமிப்பிடம் அகமுதலுருச் சிறுவலை. விந்தின் தூண்டலால் தோன்றும் இனோசிற்றோல் முப்பொசுபேற்று அதன் கல்சிய வாயில்களைத் திறக்கிறது. வெளியேறிய கல்சியம் கல்மொடுலினுடன் பிணைய, அப்புரதம் வடிவம் மாறி, என்.ஏ.டி. கைனேசு நொதியத்தை இயக்குகிறது. எனினும் இவ்வாறு விந்தின்றித் தூண்டப்பட்ட முட்டை பொதுவாக ஒழுங்காகப் பிரிவதில்லை; பிரிவை நடத்தும் மையவுடலை விந்தே கொணர்கிறது. கல்சியம் செய்தியைத் தருகிறது, கருவியைத் தருவதில்லை.