தோற்றபின் எழுப்பும் ஆட்சேபம்

தீர்ப்புச் சொல்பவர் எதிராளிக்கு வேண்டியவர் என்று அறிந்தும் வாய்திறவாமல் வழக்காடியவர், தோற்றபின் அக்குறையைக் கூறலாமா? உச்ச நீதிமன்றம் 1957-இல் தீர்த்த மாணக் லால் வழக்கில் இக்கேள்வி எழுந்தது.

மாணக் லால் இராஜஸ்தானத்து வழக்கறிஞர். பிரேம்சந்த் சிங்வி என்பார் அவர்மீது தொழில் ஒழுங்கீனப் புகார் கொடுத்தார். அதை விசாரித்த குழுவின் தலைவரோ, முன்பொரு வழக்கில் அதே சிங்விக்காக வாதாடியவர்! அவர் உண்மையில் ஓரவஞ்சனை செய்தாரா என்று ஆராய வேண்டுவதில்லை; ஐயுற நியாயமான இடமிருந்தாலே அவர் அங்கு அமர்ந்தது தகாது என்றது நீதிமன்றம்.

ஆயினும் மாணக் லாலின் மேல்முறையீடு தோற்றது. குழுவின்முன் அவர் இதைச் சொல்லவேயில்லை. அறிக்கை பாதகமாக வந்தபின், உயர் நீதிமன்றத்தில்தான் முதன்முதலாகச் சொன்னார். அனுகூலமானால் ஏற்பது, இல்லையேல் குறைகூறுவது என்று காத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் செய்தியையும் தன் உரிமையையும் அறியாதவனது மௌனம் அவனைக் கட்டாது. மாணக் லால் செய்தியை அறிந்திருந்தார். உரிமையையும் உணர்ந்திருந்ததாகவே நீதிமன்றம் கொண்டது.

இன்று வெள்ளானூரில் ஒருவரது கட்டட ஒப்பந்தத் தகராறு நடுவரிடம் செல்வதாகக் கொள்வோம். நடுவர்மீது ஐயந்தரும் செய்தி தெரிந்த 15 நாட்களுக்குள், காரணங்களை எழுதி அந்நடுவரிடமே கொடுக்கவேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் மறுத்து விசாரணையைத் தொடர்ந்தாலும், தீர்ப்புக்குப்பின் நீதிமன்றத்தில் அக்குறையைக் கூற வழியிருக்கும். நடுவர் எதிராளியின் ஊழியராகவே இருந்தால் நிலைமை வேறு: 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தகராறு எழுந்தபின் இருதரப்பும் வெளிப்படையாக எழுத்தில் உடன்பட்டாலன்றி, அக்குறை வெறும் மௌனத்தால் நீங்காது.