பார்க்காமலே விடக்கூடிய கிளை

டிக்-டாக்-டோ நிரல் எழுதிய மாணவி, கணினியின் முதல் நகர்த்தலுக்கு நேரமாகிறது என்றார். காலிக் கட்டத்திலிருந்து மினிமேக்ஸ் ஏறத்தாழ 5.5 லட்சம் நிலைகளைப் பார்க்கிறது. நம் முறையில் பெரிய மதிப்பை எடுப்போம். எதிராளி நமக்குச் சிறியதையே விட்டுவைப்பார். அவ்வளவுதான் மினிமேக்ஸ்.

விளக்குவதற்காகக் கற்பனை மதிப்புகளைக் கரும்பலகையில் எழுதினேன். நமக்கு இரண்டு நகர்த்தல்கள். முதலாவதற்கு எதிராளியின் பதில்கள் 3, 5. அவர் 3-ஐத்தான் தருவார். ஆக 3 நமக்கு உறுதி, இதுவே ஆல்ஃபா. இரண்டாவது நகர்த்தலில் முதல் பதிலே 2, இது பீட்டா.

“அடுத்த பதில் 9-ஆக இருந்தால், சார்?”

கேட்க வேண்டிய கேள்விதான். 9 இருந்தாலும் எதிராளி 2-ஐ விட்டு அதற்கு வரமாட்டார். கையில் 3 இருக்க, மீதியை எதற்குப் பார்ப்பது?

```
if beta <= alpha: break
```

இந்த வரியைச் சேர்த்த பின், ஒரே நிலையை இரு முறையிலும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த நிலைகளின் எண்ணிக்கை குறையலாம். இறுதி மதிப்பு மாறவே கூடாது. மாறினால், பெரும்பாலும் ஆல்ஃபா, பீட்டாவைப் பொது மாறிகளாக வைத்திருப்பார்கள். அவற்றைச் செயற்கூறுக்கு அளபுருக்களாக அனுப்ப வேண்டும்.

வரிசையும் முக்கியம். இரண்டாவது நகர்த்தலை முதலில் பார்த்திருந்தால் எதையும் வெட்டியிருக்க முடியாது. அதனால் நடுக்கட்டம் போன்ற நல்ல நகர்த்தல்களை முதலில் சோதிப்பது லாபம்.