தேர்ச்சி அறிக்கையில் மூன்று வரி

தவணை முடிவில் வீட்டுக்குப் போகும் தேர்ச்சி அறிக்கையில், புள்ளிகளுக்குக் கீழே வகுப்பாசிரியரின் குறிப்புக்கு இரண்டு மூன்று வரி இடம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கும் என்பது அறிக்கையைத் திறக்காமலே எங்களுக்குத் தெரியும். "நன்று." "இன்னும் முயற்சிக்கவும்." "கவனம் போதாது." நானும் பல ஆண்டுகள் இவற்றைத்தான் எழுதினேன். 38 பிள்ளைகள், ஒரே இரவு, அடுத்த நாள் காலை அதிபரின் கையொப்பம். வேறு என்ன எழுத முடியும் என்றே அப்போது நினைத்தேன்.

இந்த வரிகளை வாசிப்பவர் யார் என்று யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் மாற்றினேன். வன்னியில் இன்று தரம் 8இல் படிக்கும் பிள்ளையின் தாய், 2009இல் தானே பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பார். இடம்பெயர்வில் அவரது படிப்பு பாதியில் நின்றிருக்கலாம். சில வீடுகளில் கையொப்பம் இடுபவர் அம்மம்மா. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு தேர்ச்சி அறிக்கையையும் பொலித்தீன் பையில் சுற்றிக் காவிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். அந்தக் கடதாசியில் இருப்பதை வீடு அப்படியே நம்பும். சட்டப்படி 16 வயது வரை கல்வி கட்டாயம்தான். ஆனால் 31 புள்ளிக்குக் கீழே "கவனம் போதாது" என்றும் இருந்தால், "இவனுக்குப் படிப்பு ஏறாது, மாமாவோட கடலுக்குப் போகட்டும்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும்.

அந்த 31 புள்ளியையே எடுத்துக்கொள்வோம். நான் கண்ட பல பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பிள்ளையாகச் சொல்கிறேன். தரம் 8, முதலாம் தவணை, கணிதம் 31, தமிழ் 58. வகுப்பில் சத்தமில்லாத பையன். இவனுக்கு என்ன எழுதுவது?

முதலில் கணித ஆசிரியரிடம் விடைத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும். 31 என்பது கூட்டுத்தொகை மட்டுமே. புள்ளி எங்கே போனது என்பதை விடைத்தாள்தான் சொல்லும். புரட்டிப் பார்த்தால் பெருக்கல் கணக்குகள் சரி. சொற்கணக்கை வாசித்துச் சமன்பாடு அமைப்பதும் பெரும்பாலும் சரி. பின்னம் வந்த இடமெல்லாம் பிழை, அதுவும் ஒரே மாதிரியான பிழை: 1/2 + 1/3 = 2/5. மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறான். ஒரு விதியைத் தானே உண்டாக்கி, அதை எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். அது கவனயீனம் அல்ல. கவனமில்லாத பிள்ளையின் பிழைகள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

அடுத்தது வரவு இடாப்பு. அந்தத் தவணையில் 17 நாட்கள் வரவில்லை. எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் எந்தெந்த நாட்கள் என்று பார்க்க வேண்டும். மாசியில் மட்டும் தொடர்ந்து 11 நாட்கள் இல்லை. அது அறுவடைக் காலம். கணித ஆசிரியரின் பாடக்குறிப்பைப் பார்த்தால், அந்த இரண்டு வாரத்தில்தான் பின்னக் கூட்டல் நடந்திருக்கிறது.

மூன்றாவதாகப் பையனைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் இருத்திப் பேச வேண்டும். "அரைப் பாணோட இன்னும் கொஞ்சம் பாண் சேர்த்தா, அரையைவிடக் கூடுமா குறையுமா?" "கூடும் சேர்." "உன்ர விடை 2/5. அது அரையைவிடக் கூடவா?" பையன் சற்று நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "குறைய சேர்... அப்ப பிழை" என்கிறான். பிழையைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுக்கச் சில நாட்கள் போதும். கணித ஆசிரியரோடு பேசி நாளையும் நேரத்தையும் ஒழுங்கு செய்த பிறகே பேனையை எடுக்க வேண்டும். செய்ய முடியாததை அறிக்கையில் எழுதக் கூடாது.

எழுதியது இதுதான்: "கணிதத்தில் 31 குறைவு. பெருக்கலும் சமன்பாடும் சரியாக வருகின்றன. பின்னக் கூட்டல் நடந்த நாட்களில் வரவில்லை. புள்ளிகள் போனது அங்கேதான். அடுத்த தவணை முதல் மூன்று வாரம் செவ்வாய், வியாழன் இடைவேளையில் கணித ஆசிரியரிடம் அதைப் படிப்பார்."

இதில் பாராட்டுச் சொல் ஒன்றும் இல்லை. குறைவு என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. ஆனால் வாசிக்கும் தாய்க்கு, பிள்ளைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை, ஏன் வரவில்லை, இனி யார் என்ன செய்யப்போகிறார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. 31 புள்ளிக்கு "நன்று" என்று எழுதியிருந்தால் பிள்ளையே நம்பியிருக்க மாட்டான். அதற்குப் பிறகு நாங்கள் உண்மையாகச் சொல்லும் "நன்று"வும் செல்லாக் காசாகியிருக்கும்.

குறிப்பில் எழுதாமல் விட்டவையும் உண்டு. தகப்பன் இல்லை என்பதோ, பையன் வயலுக்குக் கூலிக்குப் போனான் என்பதோ எழுதப்படவில்லை. அறிக்கை பல கைகளுக்குப் போகும். வாசிக்கத் தெரியாத அம்மம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வீட்டுக் கதையை ஊர்க் கதையாக்க எங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளை வகுப்பில் அழுவது, திடுக்கிடுவது, நித்திரை கொள்வது போன்றவற்றையும் நேரில் பேச வேண்டும். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடமும் சொல்ல வேண்டும். "பெற்றார் வீட்டில் கற்பிக்கவும்", "ரியூசனுக்கு அனுப்பவும்" என்ற வரிகளையும் விட்டுவிட்டேன். அந்த வீட்டால் முடியாததைக் கேட்டால் அது குற்றச்சாட்டாகத்தான் போய்ச் சேரும். கேட்பதென்றால், பின்னேரத்தில் பிள்ளையிடம் கொப்பியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். அதற்கு எழுத்தறிவு தேவையில்லை.

92 எடுத்த பிள்ளையையும் மறக்கக் கூடாது. "மிக நன்று, தொடர்க" என்பதும் வெறும் வரிதான். அவள் கட்டுரைகளைப் பாடமாக்கி எழுதுகிறாள் என்றால், தெரியாத தலைப்பில் வாரம் ஒரு பந்தி சொந்தமாக எழுதட்டும் என்று சொல்லலாம்.

38 பேருக்கும் இது எப்படி முடியும் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். ஒரே இரவில் முடியாது. நான் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாளுக்கு ஐந்து பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதுகிறேன். எட்டுப் பாடசாலை நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். நடுவில் இருக்கும் சத்தமில்லாத பிள்ளைகளின் பக்கங்கள்தான் எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே அடுத்த சுற்றை அவர்களிடமிருந்து தொடங்குகிறேன். எழுதி முடித்ததும் பெயரைக் கையால் மறைத்து வாசிப்பேன். அந்தக் குறிப்பு இன்னொரு பிள்ளைக்கும் பொருந்தினால் மறுபடி எழுதுவேன்.

சில நேரம் கொப்பி எங்களையே காட்டிக்கொடுக்கும். பாதி வகுப்பு 2/5 என்று எழுதியிருந்தால் அது பிள்ளைகளின் அறிக்கையில் எழுத வேண்டிய விடயம் அல்ல. அந்தப் பாடத்தைத் திரும்பக் கற்பிக்க வேண்டும்.

அந்தப் பையனின் இரண்டாம் தவணைக் குறிப்பை முதலாம் தவணைக் குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டே எழுதினேன்: "பின்னக் கூட்டல் இப்போது சரியாக வருகிறது. கணிதம் 44. ஆறு நாள் இடைவேளை வகுப்பில் ஐந்துக்கு வந்தார். அடுத்தது பின்னப் பெருக்கல்."