தேதி பார்த்து வரும் பரு

மாதவிடாய்க்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தாடையிலும் மோவாயிலும் பரு கிளம்புவது, முகப்பரு உள்ள பெண்களில் பலருக்குப் பழக்கமான ஒன்று. பள்ளிப் பருவத்தில் நெற்றியிலும் மூக்கிலும் வரும் கரும்புள்ளிகளைப் போன்றதல்ல இது. தோலுக்கு அடியில் சின்ன உருண்டையாக, தொட்டால் வலிக்கும்படி இருக்கும். பல நேரம் நுனியில் சீழ் கட்டாமலே நின்று, மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் அமுங்கிவிடும். அது இருந்த இடத்தில் கறுப்புத் தடம் மட்டும் வாரக்கணக்கில் தங்கும். மாநிறத் தோலில் இன்னும் அதிக நாள் தெரியும்.

பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சிறிதளவு சுரக்கின்றன. ஆண் ஹார்மோன் என்று பெயர் பெற்றிருந்தாலும் எல்லாப் பெண்கள் உடலிலும் இது உண்டு. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவது இதுதான். ஈஸ்ட்ரோஜன் போதுமான அளவு இருக்கும்வரை அந்தத் தூண்டுதல் ஓரளவு அடங்கியிருக்கும். கருமுட்டை வெளிவந்து கருத்தரிப்பு நிகழாவிட்டால், மாதவிடாயை ஒட்டிய நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சட்டென்று இறங்கிவிடுகின்றன. ஆண்ட்ரோஜன் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதனால் அதன் கை ஓங்குகிறது. எண்ணெய் கூடுதலாகச் சுரக்கிறது, மயிர்க்காலின் வாய் இறந்த செல்களால் அடைபடுகிறது, உள்ளே கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. தாடை, மோவாய்ப் பகுதியில்தான் இது அதிகம் தெரியும்.

இப்படிப் பரு வரும் பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் அளவு சரியாகவே இருக்கிறது. அவர்களுடைய எண்ணெய்ச் சுரப்பிகள் அந்தச் சாதாரண அளவுக்கே அதிகமாகக் கிளர்ச்சி அடைகின்றன, அவ்வளவுதான். எனவே பரு வந்ததும் ஹார்மோன் கோளாறு என்று பயந்துவிட வேண்டியதில்லை. கோளாறு இருக்கிறதா என்பதைக் கண்ணாடியைவிட நாட்காட்டி தெளிவாகச் சொல்லும்.

இருபத்தாறு வயதுப் பெண்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் தாடையில் ஒரே மாதிரிப் பரு. முதலாமவரின் மாதவிடாய்த் தேதிகள் ஜனவரி 4, பிப்ரவரி 2, மார்ச் 2, மார்ச் 31. இடைவெளி 29, 28, 29 நாட்கள். பரு எழும்பியது ஜனவரி 26, பிப்ரவரி 23, மார்ச் 24 வாக்கில். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு. இந்த ஒழுங்கே ஒரு நல்ல அடையாளம். மாதந்தோறும் கருமுட்டை வெளிவருகிறது, ஹார்மோன்கள் ஏறி இறங்குகின்றன, தோல் அதற்கேற்ப நடந்துகொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இரண்டாமவரின் தேதிகள் ஜனவரி 4, பிப்ரவரி 22, ஏப்ரல் 3, மே 30. இடைவெளி 49, 40, 57 நாட்கள். பருவுக்கோ தேதியே இல்லை. ஒன்று அமுங்குவதற்குள் அடுத்தது கிளம்புகிறது. அவர் அதையும் ‘பீரியட்ஸ் வரப்போகிற பரு’ என்றே நினைத்திருப்பார், மாதவிடாய்தான் வருவதில்லை. பரிசோதிக்க வேண்டியவர் இவர். முதல் மாதவிடாய் ஆகி மூன்று ஆண்டுகள் கடந்த பெண்ணுக்கு இடைவெளி 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், 21 நாளுக்குள் சுருங்குவதும், ஆண்டில் எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் ஒழுங்கின்மை என்றே கணக்கு. வயதுக்கு வந்த முதல் ஆண்டில் தேதி முன்பின் ஆவது இயல்பு.

நாட்காட்டியோடு உடலையும் பார்க்க வேண்டும். மேலுதடு, மோவாய், மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் ஆண்களுக்குப் போல் தடித்த கறுப்பு முடி வளர்வதும், உச்சி வகிடு அகன்று முடி மெலிவதும் ஆண்ட்ரோஜன் மிகுதியின் அடையாளங்கள். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போல் தடித்துக் கறுப்பது இன்னொன்று. சங்கிலி உரசியதால் வந்தது, அழுக்கு என்று தேய்த்துக் குளிப்பவர்கள் உண்டு. தேய்த்தால் இது போகாது. இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் உடல் அதை அதிகமாகச் சுரக்கும்போது தோலில் தெரியும் மாற்றம் இது. அந்த மிகையான இன்சுலினே சினைப்பையை மேலும் ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது.

இவை கூடி வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது பி.சி.ஓ.எஸ். பேச்சு வழக்கில் இதற்கு ‘நீர்க்கட்டி’ என்று பெயர். அந்தப் பெயர் நிறையப் பெண்களை வீணாகக் கலங்க வைக்கிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல. முழுவதும் முதிராமல் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகள். ஸ்கேனில் அவை தெரிவதால் மட்டும் நோய் என்று முடிவு கட்டுவதில்லை. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, சினைப்பையின் அந்தத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். வேறு நோய்கள் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். இளம்பெண்களின் சினைப்பையில் இத்தோற்றம் இயல்பாகவே காணப்படும் என்பதால், முதல் மாதவிடாயிலிருந்து எட்டு ஆண்டுகள்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்வதில்லை.

‘வேறு நோய்கள்’ என்பவற்றில் தைராய்டு கோளாறும் புரோலாக்டின் மிகுதியும் மாதவிடாயைக் குலைப்பவை. பிறவியிலேயே அட்ரினல் சுரப்பியில் ஒரு நொதி குறைந்திருப்பவர்களுக்கு அறிகுறிகள் பி.சி.ஓ.எஸ். போலவே இருக்கும், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலையில் ரத்தம் கொடுப்பதே இதற்குச் சரியான நேரம். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது டெஸ்டோஸ்டிரோன் பார்த்தால் முடிவு தவறாக அமையும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. சில மாதங்களுக்குள் பரு கடுமையாகி, முகத்தில் முடி வேகமாக வளர்ந்து, குரலும் கனத்தால், ஆண்ட்ரோஜன் சுரக்கும் கட்டி சினைப்பையிலோ அட்ரினலிலோ இருக்கக்கூடும். இது அரிது, ஆனாலும் உடனே பார்க்க வேண்டும்.

எல்லாப் பருவுக்கும் உள்ளே காரணம் தேட வேண்டும் என்பதும் இல்லை. முகம் வெளுக்க மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. போட்ட சில நாள் தோல் பளிச்சென்று இருக்கும். பிறகு அதுவே பருவைக் கிளப்பும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். காசநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் பருவை உண்டாக்கும்.

ஒழுங்கான மாதவிடாயோடு வரும் பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சுகளே பலருக்குப் போதும். பரு தெரியும் வாரத்தில் மட்டும் பூசினால் பயன் குறைவு. மாதம் முழுவதும் பூசி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். போதாதபோது கருத்தடை மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், ஐசோட்ரெட்டினாயின் ஆகியவற்றை மருத்துவர் எழுதித் தருவார். கர்ப்பத்தில் ஸ்பைரோனோலாக்டோன் கூடாது. ஐசோட்ரெட்டினாயினோ கருவைக் கடுமையாக ஊனப்படுத்தும். அடாபலீனையும் கர்ப்ப காலத்தில் தவிர்ப்பதே வழக்கம். குழந்தைக்கு முயல்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளையும், முகத்தில் பூசிய கிரீம்களின் டியூப்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.