தளம் நின்றுபோனால் யார் பார்ப்பது?

வேர்ட்பிரஸ்ஸில் ஊகாமர்ஸ் போட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு சின்னப் பலகாரக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க ஒழுங்காக ஓடிய தளம், தீபாவளி நெருங்கும்போது அடிக்கடி `508 Resource Limit Is Reached` என்று காட்டிவிட்டு நிற்கிறது.

அந்தத் தளம் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங்கில். ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் தளங்கள் இருக்கும். ஒருவர் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாமலிருக்க ஒவ்வொரு கணக்குக்கும் வரம்பு உண்டு. அதில் முக்கியமானது, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கலாம் என்பது. வரம்பு 20, ஒரு பக்கம் தயாராக 2 விநாடி என்றால், விநாடிக்கு 10 கோரிக்கைகள் போகும். கனமான ஒரு பிளகின் அதை 4 விநாடியாக்கினால் 5தான் போகும். கூட்டம் கூடாமலே தளம் திணறும்.

ஆகவே இடம் மாறும் முன் சிபேனலில் `Resource Usage` பக்கத்தைப் பார்க்க வேண்டும். எந்த வரம்பு முட்டுகிறது என்று அங்கே தெரியும். கேஷிங் போட்டாலே பல தளங்கள் சரியாகிவிடும். ஆனால் கடைத்தளத்துக்கு அது பாதி மருந்துதான்: கூடையும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றைக் கேஷில் வைக்க முடியாது.

அடுத்து பலர் தாவுவது விபிஎஸ்ஸுக்கு. அங்கே ஒதுக்கிய நினைவகம் நமக்கே. ரூட் அனுமதியும் நம் கையில். கூடவே வேலையும் வந்து சேரும். சர்வரை இயக்கிய சிறிது நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வரப் பார்க்கும். ஃபயர்வால், அப்டேட், பேக்கப் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு.

1 ஜிபி நினைவகத்தில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் சேர்ந்து ஓடும்போது, நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒன்றை நிறுத்திவிடும். பெரும்பாலும் பலியாவது மைஎஸ்கியூஎல். தளத்தில் `Error establishing a database connection` என்று வரும். காரணம் அதுதானா என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
dmesg -T | grep -i "killed process"
```

இந்த வரியை நள்ளிரவில் அடிக்க ஆள் இல்லாத கடைக்கு விபிஎஸ் மலிவாகத் தெரிவது வெறும் தோற்றம். ஆள் பிடிக்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

மேனேஜ்டு ஹோஸ்டிங்கில் சர்வர் அப்டேட், தினசரி பேக்கப், கேஷிங் எல்லாவற்றையும் நிறுவனமே கவனிக்கும். கட்டணம் கூடுதல். சில இடங்களில் மின்னஞ்சல் வசதி இருக்காது, சில பிளகின்களுக்குத் தடை இருக்கும், மாத வருகைக்கும் வரம்பு வைப்பார்கள். மோசமாக எழுதிய பிளகினை அவர்களாலும் வேகமாக்க முடியாது.

முகவரியும் விலைப்பட்டியலும் மட்டும் காட்டும் தளத்துக்கு ஷேர்டு போதும். லினக்ஸ் தெரிந்தவர் கூடவே இருந்தால் விபிஎஸ் நல்லது. பண்டிகை விற்பனையை நம்பியிருக்கும் இந்தப் பலகாரக் கடைக்கு மேனேஜ்டுதான் பொருத்தம். பணம் கட்டும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: தளம் பழுதானால் பேக்கப்பிலிருந்து மீட்பது யார், எவ்வளவு நேரத்தில்?